சித்தியின் நிறம்

மண்டபத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்கான பனியனில் சித்தியின் படம். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மூன்றுக்குத்தான் காசு இருந்தது. கணினியில் படத்தை மூன்று தட்டை நிறங்களாகக் குறைத்தேன். கண்ணாடியும் விரலில் சுற்றிய துணியும் வெள்ளையாகத் தெளிந்தன. நிழல் விழுந்த கறுத்த முகம் மட்டும் கடல் நீலத்தில் கரைந்துபோனது.

"முகத்தையும் வெள்ளையில போடும்மா, எடுப்பா இருக்கும்" என்றார் அச்சுக்காரர்.

மனம் ஒப்பவில்லை. கறுப்புப் பனியன் எடுத்தோம். முகத்தின் ஓரத்தைக் கையால் வரைந்து, அந்த இடத்தில் எந்த ஸ்கிரீனிலும் மை இறங்காமல் அடைத்தேன். துணியே அவள் தோலானது. சுற்றிலும் நீலக் கடல், பையில் பழுப்புப் பாசி, கன்னமேட்டில் ஒரு கீற்று வெள்ளை. கறுப்புத் துணியில் மெல்லிய மை அமுங்கிவிடும். அதனால் அடர்ந்த மையை இரண்டு முறை இழுத்தோம்.

சித்தி தடவிப் பார்த்தாள். "இதுதேன் நான்."