வெள்ளைச்சாமிக்கு இங்கிலீஷ்ல என்ன?

"Wealth, Son, 41."

எங்க வீட்டு வாரிசுச் சான்றிதழைப் போன்ல படம் பிடிச்சு, கேமராவிலேயே மொழிபெயர்க்கிற செயலியில் காட்டினப்போ திரையில் வந்த வரி இது. எங்க சித்தப்பா பேரு செல்வம். அவருக்கு மேல் வரியில் அப்பத்தா பொன்னுத்தாய், "Golden Mother" ஆகியிருந்தாங்க. எல்லாத்துக்கும் மேல, இறந்துபோன தாத்தா வெள்ளைச்சாமி "White Samy". குடும்பமே சிரிச்சுது. மூணு மாசம் கழிச்சு, மும்பையிலிருந்து அப்பத்தாவோட குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் திரும்பி வந்தப்போ யாரும் சிரிக்கல. அதுக்குக் காரணம் அந்தச் செயலி இல்ல, நான்தான். நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்றேன், உங்க வீட்டிலயும் இப்படி ஒரு தாள் இருக்கலாம்.

தாத்தா மும்பையில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். அங்கே இருக்கிற அலுவலகத்துக்குத் தமிழ் தெரியாது. எங்ககிட்ட இருந்ததோ தமிழில் மட்டும் இருக்கிற பழைய வாரிசுச் சான்று, ஓரம் மடிஞ்சு, முத்திரை மங்கினது. "நீதான இன்ஜினியரிங் படிக்கிற, இங்கிலீஷ்ல அடிச்சுக் கொடு"ன்னு சித்தப்பா சொல்லிட்டார்.

White Samy எப்படி வந்தார்னு முதல்ல பார்ப்போம். படத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது செயலி நேரா அர்த்தத்துக்குப் போறதில்ல. முதல்ல படத்தில் எழுத்து எங்கெங்கே இருக்குன்னு கட்டம் கட்டமா பிரிக்குது. பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் எழுத்தா வாசிக்குது. அதுக்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு. வாரிசுச் சான்று ஒரு அட்டவணை. "பெயர்" என்கிற தலைப்பு மேலே ஒரு கட்டம், "செல்வம்" நாலு வரி கீழே இன்னொரு கட்டம். பிரிச்சு எடுத்ததும் செல்வம் தனிச் சொல். இது ஒரு ஆளோட பேர்னு சொல்ற ஒரே தடயம் மேலே இருந்த அந்தத் தலைப்புதான், அது அறுந்துபோச்சு. ஆனா பக்கத்துக் கட்டத்தில் இருந்த "மகன்" சரியா Son ஆச்சு, ஏன்னா அதை மொழிபெயர்க்கத்தான் வேணும். ஒரே வரியில் ஒரு சொல்லை மொழிபெயர்க்கணும், அடுத்த சொல்லைத் தொடவே கூடாது. எது எதுன்னு அந்தச் சொல் சொல்லாது, தலைப்புதான் சொல்லும்.

சரி, பேரை மொழிபெயர்க்கக் கூடாது, ஒலிபெயர்க்கணும், அவ்வளவுதானேன்னு நான் நினைச்சேன். கைப்பட அடிச்சேன்: "K. Vellaichami". சான்றில் இருந்தது "கோ. வெள்ளைச்சாமி". ச்-க்கு ch, சாமிக்கு chami, கோ-வுக்கு K. எழுத்துக்கு எழுத்து சரிதான்? மும்பை ஆவணத்தில் இருந்தது VELLAISAMY G. விண்ணப்பம் திரும்பி வந்ததுக்குக் காரணம்: பெயர் பொருந்தவில்லை.

அந்த G-யைப் பாருங்க. தாத்தாவோட அப்பா பேர் கோவிந்தன். தமிழ்ல க ஒரே எழுத்து. கண்ணனுக்கும் அதே க, கணேசனுக்கும் அதே க. இங்கிலீஷில் ஒருத்தர் K, இன்னொருத்தர் G. த-வும் அப்படித்தான். "த."ன்னு ஒரு தலைப்பெழுத்து இருந்தா அது தங்கராஜின் T-யா, தனபாலின் D-யான்னு அந்த ஒரு எழுத்தை எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் தெரியாது. "இரா." இன்னும் மோசம். இராமசாமி இங்கிலீஷ்ல Ramasamy, தலைப்பெழுத்து R. எழுத்தைப் பார்த்து மட்டும் மாத்துற ஆள் I-ன்னு போட்டுட்டுப் போயிடுவார். ஆக, தலைப்பெழுத்தை மாத்தணும்னா அது யாரோட பேர்னு தெரியணும். அந்தத் தகவல் படத்துக்கு வெளியே, வேற ஒரு தாள்ல இருக்கும், இல்லன்னா வீட்டில் ஒரு பெரியவர் ஞாபகத்தில் இருக்கும்.

இதுக்குன்னு தரநிலையே இருக்கே, அதைப் பின்பற்றினா என்னன்னு நீங்க கேட்கலாம். இருக்கு, ISO 15919. இந்திய எழுத்துகளை ரோமன் எழுத்துக்கு மாத்த 2001-ல் வந்தது. அதன்படி தாத்தா Veḷḷaiccāmi. காந்தி kānti. எழுத்துக்கு எழுத்து மாத்துறதால், திரும்பத் தமிழுக்கு மாத்தினா ஒரு புள்ளிகூட பிசகாது. நூலகப் பட்டியலுக்கு அருமையான முறை. ஓய்வூதிய விண்ணப்பத்தில் எழுதினா மறுபடி திரும்பி வரும். ஏன்னா அலுவலகத்துக்கு வேண்டியது சரியான உச்சரிப்பு இல்ல. அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற எழுத்துகள், அதே வரிசையில்.

இதே சிக்கல்ல நம்ம அரசாங்கமே ஒருமுறை மாட்டியிருக்கு. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷில் எழுதணும்னு ஒரு அரசாணை வெளியாச்சு. Coimbatore இனி Koyampuththoor. Vellore இனி Veeloor. கேலியும் குழப்பமும் கிளம்பி, அதே மாசம் அரசாணையைத் திரும்பப் பெற்றாங்க. கோயம்புத்தூர்னு வாய் சொல்றதுக்கு Koyampuththoor கிட்டத்தட்ட சரிதான், அதில் எனக்கு மறுப்பில்ல. ஆனா வீட்டுப் பத்திரத்திலும் பாஸ்போர்ட்டிலும் ரயில் டிக்கெட்டிலும் Coimbatore இருக்கே.

திரும்பி வந்த விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கிட்டு உட்கார்ந்தப்போ வரிசையை மாத்தினேன். முதல்ல மொழிபெயர்க்கல. வீட்டில் ரோமன் எழுத்தில் பேர் இருக்கிற எல்லாத் தாளையும் எடுத்து வெச்சேன்: தாத்தாவோட பழைய சம்பளச் சீட்டு, ஆதார், பாஸ்புக். ஒரு நோட்டில் தமிழ்ப் பேர், அது இருக்கிற தாள், அதில் உள்ள எழுத்துகள்னு மூணு பத்தி போட்டேன். அப்பதான் தெரிஞ்சுது, அப்பத்தா ஆதார்ல Ponnuthai, பாஸ்புக்கில் Ponnuthayee. இதில் எது சரின்னு முடிவு பண்றது என் வேலை இல்ல. ஆதாரில் இருக்கிறதை மொழிபெயர்ப்பில் போட்டு, இன்னொரு எழுத்தும் வழக்கில் இருக்குன்னு அடிக்குறிப்பு எழுதினேன். இரண்டு பேரும் ஒருவரேன்னு நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கினோம்.

இன்னொரு விஷயம் அப்பதான் கண்ணில் பட்டுது. தாள் மடிப்பு தாத்தா பேர் மேலேயே போகுது. செயலி வாசிச்ச தமிழைத் தனியா எடுத்துப் பார்த்தா, ஒரு படத்தில் "வெள்ளச்சாமி"ன்னு இருந்துச்சு, ஐகாரக் கொம்பைக் காணோம். "மனைவி"யில் ஒரு கொம்பு போனாலும் சுத்தியிருக்கிற சொற்களை வெச்சு Wife-ன்னு சரியா வந்துடும். பேருக்கு அந்தக் காப்பு கிடையாது. வெள்ளச்சாமியும் ஊர்ல இருக்கிற பேர்தான், அதனால படிக்கிற யாருக்கும் சந்தேகமே வராது. பேர் வர்ற இடத்தை மட்டும் பெருசாக்கி, எழுத்தெழுத்தா விரல் வெச்சுப் படிச்சுப் பாருங்க. ன, ண, ர, கால், மெய்ப்புள்ளி. இந்த இடங்கள்லதான் பெரும்பாலும் வழுக்கும்.

முகவரி வேற கதை. "கதவு எண் 3/47, மேலத்தெரு, புதுப்பட்டி அஞ்சல், சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்." செயலியில் வட்டம் Circle ஆச்சு. அது Taluk. கதவு எண், அஞ்சல், வட்டம், மாவட்டம் எல்லாம் நிர்வாகச் சொற்கள், ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ் பக்கத்தில் நிலைச்ச சொல் இருக்கு, அதைப் போடணும். புதுப்பட்டியை New Village-ன்னு போட்டா அங்கே போய்ச் சேர ஆள் கிடையாது. நடுவில் மாட்டுறது மேலத்தெரு. செயலி Upper Street-ன்னு காட்டுச்சு. எங்க ஊர் தட்டையான கரிசல் பூமி, அதில் மேல் ஏது, கீழ் ஏது? எங்க பக்கம் மேல்ன்னா மேற்கு, கீழ்ன்னா கிழக்கு. அர்த்தம் பார்த்தா West Street. அப்போ அதைப் போடலாமான்னு யோசிச்சேன். போடல. தபால்காரர் வந்து வெஸ்ட் ஸ்ட்ரீட் எதுன்னு கேட்டா டீக்கடையில் நாலு பேர் முழிப்பாங்க. ஆதாரில் இருக்கிற Melatheru-வையே போட்டேன். தாத்தாவோட பழைய சீட்டில் மாவட்டம் Ramnad-ன்னு இருந்துச்சு. 1985-ல் பிரிக்கிறதுக்கு முன்னாடி எங்க ஊர் இராமநாதபுரம் மாவட்டம்தான். அதையும் திருத்தல. தாளில் இருக்கிறபடி விட்டு, இப்போதைய மாவட்டத்தை அடிக்குறிப்பில் சொன்னேன்.

நிறுவனப் பேர்லயும், விற்பனைப் பேர்லயும் நான் ஒரு இடத்தில் சறுக்கப் பார்த்தேன். வங்கி முத்திரையில் "பாரத ஸ்டேட் வங்கி". பேரைத் தொடக் கூடாதுங்கிற வேகத்தில் Bharata State-ன்னு அடிச்சுட்டு, வங்கிங்கிற இடத்தில் கை நின்னுச்சு. இதில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் மொழிபெயர்ப்பு, நடுச்சொல் ஒலிபெயர்ப்பு. பதிவான பேரோ State Bank of India. மொழிபெயர்த்தாலும் ஒலிபெயர்த்தாலும் அந்தச் சொல் வரிசை வராது, தேடித்தான் எடுக்கணும். மளிகைக் கடை ரசீதில் "சக்தி மசாலா" இருந்தா Power Masala கிடையாதுன்னு நமக்குத் தெரியும், பாக்கெட்டைப் பார்த்திருக்கோம். பார்க்காத பேர்லதான் மாட்டுவோம்.

இரண்டாவது தடவை விண்ணப்பம் திரும்பி வரல. உத்தரவு PONNUTHAI பேர்ல வந்திருக்கு. பாஸ்புக்கிலும் அப்படியே மாத்திட்டா பணம் வந்துடும்னு சொல்லியிருக்காங்க. சித்தப்பா வியாழக்கிழமை வங்கிக்குப் போறார். ஒரு துண்டுச்சீட்டில் ஒன்பது எழுத்தையும் இடைவெளி விட்டு எழுதி, அவர் சட்டைப்பையில் வெச்சு விட்டிருக்கேன்.