சோறாக்கும் பெட்டியில் சில சொற்கள்

பட்டுக்கோட்டைப் பகுதியில் கடல் கடந்து சென்று பொருளீட்டும் பிள்ளைகள் ஊர் திரும்புகையில் சுமந்து வரும் பொருட்களுள் மின்சார ரைஸ் குக்கரும் ஒன்று. என் தங்கை மகன் ஜப்பானிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டு வந்தான். அழகான பெட்டிதான். ஆனால் அதன் முகப்பில் நமக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. உங்கள் இல்லத்திலும் அத்தகைய பெட்டி பரணில் உறங்குமானால், இதைப் படித்த பின் இறக்கிப் பாருங்கள்.

முகப்பைப் படிக்குமுன் அடிப்பாகத்தைப் படியுங்கள். அங்குள்ள தகட்டில் 100V என்றிருந்தால் அது ஜப்பான் நாட்டு மின்சாரத்திற்கென்றே செய்யப்பட்டது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். நேரடியாகச் செருகினால் அதன் வெப்பக்கம்பி ஐந்து மடங்குக்கும் அதிகமான மின்திறனை இழுத்து, நொடிகளில் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று தேவை. தகட்டில் காணும் வாட் அளவைவிடக் கூடுதலான திறனுடையதாக அது இருக்க வேண்டும்.

இனி முகப்புக்கு வருவோம். பெரிய பொத்தானில் உள்ள 炊飯 என்பது ‘சோறாக்கு’. 取消 என்பது ‘நிறுத்து’. சில பெட்டிகளில் 切 என்ற ஒற்றை எழுத்தே அதற்கு உண்டு. 保温 என்பது ‘சூடாக வைத்திரு’. 予約 என்பது ‘குறித்த நேரத்திற்கு’. இந்த நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இவற்றுள் நம்மவர்கள் தவறாகப் பொருள் கொள்வது 予約 பொத்தானைத்தான். அதில் நாம் வைக்கும் நேரம் அடுப்பு பற்றும் நேரமன்று, சோறு ஆகி முடியும் நேரம். நோன்பு மாதத்தில் இதைவிட உதவியான பொத்தான் வேறில்லை. சஹருக்கு 3.45 மணிக்குச் சோறு வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு அரிசியைக் களைந்து நீர் ஊற்றி மூடுங்கள். 予約 பொத்தானை அழுத்தி, 時 என்ற பொத்தானால் மணியையும் 分 என்பதால் நிமிடத்தையும் 3:45 ஆக்குங்கள். இறுதியாக 炊飯 பொத்தானை அழுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால் பெட்டி எதையும் செய்யாது. விடியலில் ஊறிய அரிசிதான் இருக்கும். அழுத்தியதும் 予約 அருகே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டே படுக்கச் செல்லுங்கள்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பெட்டியின் கடிகாரம் இன்னமும் ஜப்பான் நேரத்தையே காட்டலாம். அந்நாடு நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. கடிகாரத்தைத் திருத்தாமல் 3:45 என்று வைத்தால், நள்ளிரவு 12.15 மணிக்கே சோறு ஆகிவிடும்!

அப்படியே ஆனாலும் சோறு கெடாது. 保温 தானாகவே தொடங்கிவிடும். அப்போது சோறு ஏறத்தாழ 70 பாகை வெப்பத்தில் இருக்கும். கொதியிலும் மடியாத சில கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. அவை 60 பாகைக்கு மேல் பெருகுவதில்லை. ஆறிப்போன சோற்றைப் பெட்டியிலிட்டு 保温 அழுத்துவதுதான் ஆபத்து. சோறு மெல்ல மெல்லச் சூடேறும் அந்த நேரம் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆறிய சோற்றை அடுப்பில் நன்கு சுடவைத்து உண்பதே முறை. வெண்சோற்றையும் அரை நாளுக்கு மேல் அதில் வைத்திருக்காதீர்கள். மஞ்சள் பூத்து வாடை வரும்.

நோன்புக் கஞ்சிக்கு おかゆ என்ற எழுத்தைத் தேடுங்கள். கஞ்சி என்பதுதான் அதன் பொருள். உள்பாத்திரத்திலும் அதே பெயரில் தனிக் கோடுகள் இருக்கும். வெண்சோற்றுக் கோட்டைப் பார்த்து அளந்தால் கஞ்சி பொங்கி ஆவித்துளை அடைபடும். நம் கஞ்சியில் பாசிப்பருப்பும் சேர்வதால் நுரை இன்னும் மிகுதி. ஆகவே அரிசியும் பருப்பும் சேர்த்தே, பெட்டியுடன் வந்த 180 மில்லிக் குவளையில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். தேங்காய்ப்பாலைக் கஞ்சி வெந்த பின் சேருங்கள். முடிந்ததும் 取消 அழுத்திவிடுங்கள். கறியும் பாலும் சேர்ந்த கஞ்சி 保温 நிலையில் கூழாகிக் கெடும்.

நம் டெல்டாப் புழுங்கலரிசிக்கு இப்பெட்டியில் பெயரில்லை. பாத்திரத்தின் கோடுகள் குட்டையான ஜப்பான் பச்சரிசிக்கானவை; அந்த நீரில் புழுங்கலரிசி விறைத்தே நிற்கும். தவிடு நீக்காத அரிசிக்குரிய 玄米 என்ற முறை நெடுநேரம் ஊறவைத்து வேகவைப்பது. அதில் ஒரு குவளை அரிசிக்கு இரண்டு குவளைக்குச் சற்று மேலாக நீர் வைத்தால் எங்கள் வீட்டில் பதமாக வருகிறது. ஐந்தரைக் குவளைப் பெட்டியில் மூன்று குவளை அரிசியோடு நிறுத்திக்கொள்கிறோம். வடித்த சோற்றின் உதிரியான பக்குவத்தை மட்டும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். என் உம்மா இன்றும் மதியச் சோற்றுக்குப் பானையைத்தான் ஏற்றுகிறார்.