கருப்புப் பட்டையும் எரியாத ஃபிளாஷும்: ஒரு வாரச் சோதனைக் குறிப்புகள்

திங்கள்

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தின் அடியில் கருப்புப் பட்டை விழுந்தால், பெரும்பாலும் கோளாறு ஃபிளாஷில் இல்லை. ஷட்டரின் வேகத்தில் இருக்கிறது. கேமராவின் இயந்திர ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. முதல் திரை இறங்கி சென்சாரைத் திறக்கிறது. இரண்டாம் திரை அதன் பின்னே இறங்கி மூடுகிறது. ஒரு திரை முழுதும் இறங்கச் சுமார் 3.3 மில்லி நொடி ஆகிறது என்று கொள்ளலாம். கேமராவுக்குக் கேமரா இது சற்று மாறும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் திரை ஓடும் வேகம் கூடுவதில்லை. இரண்டாம் திரை எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதே மாறுகிறது.

1/200 என்பது 5 மில்லி நொடி. முதல் திரை கீழே சேர்ந்த பிறகு, இரண்டாவது கிளம்பும்வரை 1.7 மில்லி நொடி சென்சார் முழுதும் திறந்திருக்கும். ஃபிளாஷ் அந்த இடைவெளியில் மின்ன வேண்டும். 1/400 என்பது 2.5 மில்லி நொடி. இங்கே முதல் திரை கீழே போய்ச் சேர்வதற்குள் இரண்டாம் திரை இறங்கத் தொடங்கிவிடுகிறது. 24 மி.மீ. உயரச் சென்சாரில் 18 மி.மீ. மட்டுமே திறந்திருக்கும்; மீதி 6 மி.மீ., அதாவது படத்தில் கால் பங்கு, இருண்டுபோகும். சென்சார் முழுதும் திறந்திருக்கும் மிக உயர்ந்த வேகத்தையே சிங்க் ஸ்பீட் என்கிறார்கள். பல கேமராக்களில் இது 1/200 அல்லது 1/250. துணித் திரை பக்கவாட்டில் ஓடிய கேனான் ஏஇ-1 போன்ற ஃபிலிம் கேமராக்களில் 1/60 மட்டுமே.

பட்டை ஏன் கீழே விழுகிறது? லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குகிறது. சென்சாரின் மேற்பகுதியில் விழுவது படத்தின் அடிப்பகுதி. மேலிருந்து இறங்கும் இரண்டாம் திரை முதலில் மறைப்பது அதைத்தான். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் பட்டை இடப் பக்கத்துக்கோ வலப் பக்கத்துக்கோ போகும்.

செவ்வாய்

கேமராவின் கையேட்டில் 1/250 என்று இருந்தும், அதே வேகத்தில் பட்டை விழுவது உண்டு. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தூரத்தில் வைத்து ரேடியோ ட்ரிக்கரால் இயக்கும்போது இது அதிகம். சிக்னல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம் ஆகிறது. 1/250-இல் திறந்திருக்கும் இடைவெளி 0.7 மில்லி நொடிதான். ட்ரிக்கர் 1 மில்லி நொடி தாமதித்தால், 0.3 மில்லி நொடிக்குள் இரண்டாம் திரை 2 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். படத்தின் ஓரத்தில் மெல்லிய பட்டை விழும். 1/200-க்கு இறக்கினால் அது மறைந்துவிடும்.

கேமராவுக்கென்றே வடிவமைத்த ஃபிளாஷ் ஹாட் ஷூவில் இருந்தால், கேமரா சிங்க் ஸ்பீடுக்கு மேல் போக விடாமல் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும். ஒற்றைத் தொடர்புப் புள்ளி மட்டும் கொண்ட எளிய ட்ரிக்கரில், மேலே ஃபிளாஷ் தொடர்பு இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. 1/4000 வரை கூட அனுமதிக்கும். பட்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

ஒரு ட்ரிக்கரின் உண்மையான எல்லையைக் கண்டறியச் சுவர்ச் சோதனை போதும். அறையின் விளக்குகளை அணைத்து, ஐஎஸ்ஓ 100, f/8 வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்க்க வேண்டும். படம் முழுக் கருப்பாக வரவேண்டும். வெளிச்சம் மீதமிருந்தால் அது பட்டையை மறைத்துவிடும். பிறகு ஃபிளாஷைச் சுவர் நோக்கித் திருப்பி 1/125, 1/160, 1/200, 1/250, 1/320 என்று ஏறியபடி எடுக்க வேண்டும். பட்டை முதலில் தோன்றும் வேகத்துக்கு ஒரு படி கீழே இருப்பதே அந்தக் கேமரா, ட்ரிக்கர், ஃபிளாஷ் மூன்றும் சேர்ந்த எல்லை.

பட்டையின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். கூர்மையான ஓரமாக இருந்தால் காரணம் திரை. மெல்ல மெல்ல மங்கினால், ஃபிளாஷின் மின்னல் நீளமாக இருக்கிறது என்று பொருள். முழுச் சக்தியில் எரியும் ஸ்டூடியோ விளக்கின் வால் வெளிச்சத்தை இரண்டாம் திரை வெட்டியிருக்கும். கையடக்க ஃபிளாஷ் என்றால் சக்தியைப் பாதியாக்கிப் பார்த்தால் தெரியும். அதில் சக்தி குறையக் குறைய மின்னல் நேரமும் சுருங்கும்.

புதன்

ஃபிளாஷ் எரியவே இல்லை என்றால் முதலில் ட்ரிக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். எரிந்தால் ரேடியோ இணைப்பு சரி. பிரச்சினை கேமராவுக்கும் ட்ரிக்கருக்கும் நடுவே. ட்ரிக்கர் ஹாட் ஷூவில் கடைசிவரை நகராமல் பாதியில் நின்றிருக்கலாம். சைலன்ட் ஷட்டர் இயக்கத்தில் இருக்கலாம். மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிப்பதால், பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் அந்த நிலையில் ஃபிளாஷை முடக்கிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு: கேனான் 200டி II, 3000டி ஆகியவற்றின் ஹாட் ஷூவில் நடுப் புள்ளியே கிடையாது. ஒற்றைப் புள்ளி ட்ரிக்கர் அவற்றில் வேலை செய்யாது. கேனானின் மற்றப் புள்ளிகள் வழியே பேசத் தெரிந்த ட்ரிக்கர் வேண்டும். இதை அறியாமல் ட்ரிக்கரைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

டெஸ்ட் பட்டனுக்கும் எரியாவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே சேனலா, ஒரே குரூப்பா என்று பார்க்க வேண்டும். ஃபிளாஷ் தூக்க நிலைக்குப் போயிருக்கலாம், பேட்டரி தளர்ந்திருக்கலாம்.

மூன்றாம் வகைதான் அதிகம் குழப்புவது: ஃபிளாஷ் எரிந்தது கண்ணுக்குத் தெரிகிறது, படம் இருட்டாக இருக்கிறது. வேறு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து எரியும் ஆப்டிகல் ஸ்லேவ் முறையில் இது நடக்கும். கேமராவின் ஃபிளாஷ் TTL முறையில் அளவு பார்க்க, படத்துக்குச் சற்று முன்பே ஒரு சிறு மின்னலை விடுகிறது. அதைக் கண்டதும் ஸ்லேவ் எரிந்து தீர்ந்துவிடும். ஷட்டர் திறக்கும்போது அதில் வெளிச்சம் இருக்காது. கேமரா ஃபிளாஷை M-க்கு மாற்றுவது நல்ல வழி. பல ஃபிளாஷ்களில் S1, S2 என்று இரு நிலைகள் உண்டு. முன்மின்னலைப் புறக்கணிக்க S2 பயன்படும்.

வெள்ளி

நண்பகல் வெயிலில் பிரச்சினை வேறு முகம் காட்டுகிறது. பட்டை முழுக் கருப்பாக விழுவதில்லை. சூரிய ஒளி படத்தை நிரப்பிவிடுவதால், ஃபிளாஷ் எட்டாத பகுதி படத்தில் நிற்பவரின் இடுப்புக்குக் கீழே லேசான நிழல் போலத் தெரியும். கேமராவின் சின்னத் திரையில் கண்ணுக்குப் படாமலே போகும்.

வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200-க்கு ஏறக்குறைய f/11 தேவை. பின்னணியை மங்கலாக்க f/2.8 வேண்டுமென்றால் வெளிச்சம் நான்கு ஸ்டாப் கூடிவிடும். 1/3200 வரை போக வேண்டும். அந்த வேகத்தில் சாதாரண முறையில் ஃபிளாஷ் போட்டால் ஒரு மெல்லிய கீற்று மட்டுமே ஒளி பெறும்.

இங்கே HSS உதவும். ஒரே மின்னலுக்குப் பதில், திரைகள் ஓடி முடியும்வரை ஃபிளாஷ் மிக வேகமாகத் துடித்து, தொடர்ந்து எரியும் விளக்கைப் போல் நடந்துகொள்கிறது. பட்டை இல்லை. ஆனால் 1/3200 என்பது 0.31 மில்லி நொடி. திரை ஓட்டத்தின் 3.3 மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. துடித்த ஒளியில் அவ்வளவுதான் சென்சாரின் ஒவ்வொரு இடத்துக்கும் போய்ச் சேரும். ஃபிளாஷ் சீக்கிரம் சூடாகும். ட்ரிக்கரும் அந்தந்தக் கேமரா நிறுவனத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். நிகானுக்கான ட்ரிக்கரைக் கேனானில் மாட்டினால் HSS கிடைக்காது.

மாற்று வழி, லென்ஸில் நான்கு ஸ்டாப் ND ஃபில்டர் போட்டு 1/200-லேயே இருப்பது. ஃபில்டர் ஃபிளாஷ் ஒளியையும் பதினாறில் ஒரு பங்காக்குகிறது. ஆனால் எளிய ட்ரிக்கரே போதும், ஃபிளாஷ் அவ்வளவு சூடாகாது. எஸ்எல்ஆர் கேமராவின் பார்வைக் கண்ணாடி இருண்டு ஃபோகஸ் தடுமாறுவது இதன் குறை. ஒளி போதவில்லை என்றால், எந்த வழியானாலும் ஃபிளாஷை நெருக்கமாக நகர்த்துவதே பலன் தரும்: 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் ஒளி நான்கு மடங்காகும்.