சேரும் டீச்சரும்

அரச பாடசாலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 60 வயதில்தான் கட்டாய ஓய்வு. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரிகிறது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆண் ஆசிரியர் மௌத்தாகும் வரை 'சேர்'. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் கைகொடுத்துச் சுகம் விசாரிப்பார்கள். பாடசாலை விழாவில் முன்வரிசைக் கதிரை. அவரோடு படிப்பித்த டீச்சருக்கு ஊரோடு இருந்த ஒரே பொது இடம் பாடசாலைதான். அது முடிந்ததும் அவர் இன்னாரின் உம்மா, பேரப்பிள்ளைகளின் உம்மும்மா.

அப்படி ஒரு டீச்சரோடு சீனி வருத்தக் கிளினிக்குக்குப் போனோம். அவர் முன்னாலேயே இருக்க, "உம்மா மருந்து ஒழுங்கா குடிக்கிறாங்களா?" என்று மகளிடம் கேட்கிறார்கள். கணிதம் படிப்பித்த மனுஷி! மெட்போமின் எத்தனை மில்லிகிராம் என்று மகளுக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

இப்போது கிளினிக் கொப்பியை அவரே கையில் வைத்துக்கொள்கிறார். வெறும் வயிற்றில் பார்த்த சீனி அளவுகளைத் திகதி போட்டு எழுதிக்கொண்டு போகிறார். கேள்வி மகளிடம் வந்தால் மகள் வாய் திறக்காமல் உம்மாவைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் கேட்டவரும் இந்தப் பக்கம் திரும்புவார். எல்லா நாளும் இது சரிவராது. சனம் கூடிய நாளில் மருந்துத் துண்டு மகளின் கைக்கே போகும். அன்று வீடு வரும்வரை டீச்சர் பேசமாட்டார்.

நாங்கள் அவரிடம் படித்தவர்கள். கடைத்தெருவில் கண்டால் 'டீச்சர்' என்று சத்தமாகவே கூப்பிடுகிறோம். போன கிழமை பாமசிப் பொடியன் அதைக் கேட்டுத்தான் மருந்தின் விலையை அவரைப் பார்த்துச் சொன்னான்.