கட்சி உனக்கு, நட்பு நமக்கு

ஓட்டுப் போடும் வயது வந்ததும் நம்மில் பலருக்கும் ஒரு சிக்கல் வருகிறது. "எங்க கட்சி மெசேஜை உன் ஸ்டேட்டஸ்ல வைடா, கிளாஸ் குரூப்லயும் போடு" என்று நண்பன் கேட்கிறான். மனமில்லை. அவனை இழக்கவும் மனமில்லை.

என்னிடம் கேட்டவன் ஒர்க்‌ஷாப்பில் என்னோடு ஒரே லேத்தில் நிற்பவன். அவன் அப்பா கட்சிக்காரர். அவனுக்கு அது வீட்டு வேலை மாதிரி, கெட்ட எண்ணம் கிடையாது. பல கை மாறி வந்த மெசேஜை வாட்ஸ்அப்பில் ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். 2020-ல் வந்த கட்டுப்பாடு அது. ஆகவே கட்சிகளுக்கு நம்மைப் போலப் பல கைகள் வேண்டியிருக்கிறது.

நான் ஏன் மறுத்தேன்? எழுதியது யாரோ, ஆனால் மேலே தெரிவது என் பெயர். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். "தம்பி போட்டிருக்கான், சரியாத்தான் இருக்கும்" என்று பெரியம்மா அப்படியே நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையை இரவல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சாக்குச் சொல்வதில் பயனில்லை. "நெட் பேக் தீர்ந்துடுச்சு" என்றால் ஹாட்ஸ்பாட் தருவான். "பார்க்கலாம்" என்றால் சம்மதம் என்று நினைத்து நாளைக்கும் கேட்பான். கட்சியைக் குறை சொன்னால் அவன் அப்பாவைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். குரூப்பில் பதில் போட்டால் நாலு பேர் முன்னால் அவனுக்கு அவமானம். ஆகவே டீக்கடையில் தனியாக இருந்தபோது சொன்னேன்:

"மாப்ளே, எந்தக் கட்சி மெசேஜையும் நான் போடறதில்லை. உன் கட்சிங்கறதால இல்ல. நீ போடு, நான் பார்க்கிறேன்."

"ஒண்ணே ஒண்ணுடா!"

"உனக்கு ஒண்ணு போட்டா, நாளைக்கு வேற கட்சிக்காரன் கேட்கும்போது எப்படிடா இல்லைங்கறது?"

அவன் பேசவில்லை. டீயை முடித்துவிட்டுப் போய்விட்டான். நான் பின்னாலேயே போய் சமாதானம் செய்யவில்லை. அப்படிச் செய்தால் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும். மறுநாள் லேத்தில் ஜாபை மாட்டிவிட்டு, "வாடா, சென்டர் சரியா இருக்கான்னு பாரு" என்று வழக்கம்போலக் கூப்பிட்டேன். வந்தான், பார்த்தான். ஆனாலும் முகம் இறுக்கமாகவே இருந்தது.

அது தெளிந்தது அடுத்த வாரம். எதிர்க் கட்சிக்கு வேலை செய்யும் இன்னொரு நண்பன் அதையே கேட்டான். அவனுக்கும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அது இவன் காதுக்குப் போய்விட்டது. மதியம் டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவனுக்கும் இல்லையாமே!" என்று சிரித்தான்.

ஒரே பதிலை எல்லாருக்கும் சொன்னால்தான் அது கொள்கை. ஒருவனுக்கு மட்டும் சொன்னால் பகை. தேர்தல் வரும், போகும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க அவனும் நானும் சேர்ந்துதானே போகணும்!