மூன்று குறைகளும் ஒரு கைப்பையும்

எங்கள் அத்தா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் காலணி மேற்பகுதிகளைச் சரிபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்தார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய இரும்பு அளவுகோல் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிய பிறகே துண்டை ஏற்பார்கள். அந்தப் பழக்கம் எங்களிடமும் ஒட்டிக்கொண்டது. சென்ற ஆண்டு அது ஒரு சங்கடத்தில் எங்களை நிறுத்தியது.

உறவில் தங்கை முறையாகும் பெண் ஒருத்தி, சிறுகச் சிறுகச் சேர்த்த 28,000 ரூபாயில் இணையம் வழியாக லூயி வுய்த்தோன் ‘ஸ்பீடி’ கைப்பை ஒன்றை வாங்கியிருந்தாள். ஒருமுறை மட்டும் பயன்படுத்திய அசல் என்று விற்றவர் கூறியிருந்தாராம். “அக்கா, தோல் நல்லதுதானே, பார்த்துச் சொல்லுங்கள்” என்று எங்கள் முன் வைத்தாள்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பழுப்பு நிற எழுத்து வடிவங்கள் உள்ள உடல்பகுதி அசலிலும் தோல் அன்று, மேற்பூச்சிட்ட துணி. கைப்பிடியும் ஓரப்பட்டைகளும் மட்டுமே தோல். ஆகவே சோதிக்க வேண்டிய இடம் அவையே.

சன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில் பையை வைத்துத் தையலை எண்ணினோம். நல்ல கைப்பைகளில் பொதுவாக அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் வரை இருக்கும். மிகவும் நெருக்கினால் ஊசித் துளைகள் அடுத்தடுத்து விழுந்து, தபால்தலைத் தாளைப் போல் அந்த வரியிலேயே தோல் கிழியக்கூடும். எனவே தையல் நெருக்கமாக இருப்பது மட்டும் தரத்தின் அடையாளம் ஆகாது. அளவு மாறாமல் இருப்பதே அடையாளம். இந்தப் பையில் நேரான இடத்தில் அங்குலத்துக்கு 8 இருந்தது. வளைவில் 6 ஆகக் குறைந்தது. வளைவில் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துத் தோலை மெல்லத் திருப்பத் தவறினால் இப்படித்தான் தையல் நீளும். கைப்பிடியின் நான்கு முனைகளையும் உடலோடு பிணைக்கும் தோல் துண்டுகளின் மேல்வரியை எண்ணினோம். நான்கிலும் ஒரே எண்ணிக்கை வரவேண்டும். வந்தவை 5, 5, 6, 4.

அடுத்தது நூல். அசலில் அது கடுகு மஞ்சள். சற்று மங்கலாகவே தோன்றும். இதில் எலுமிச்சைப் பழத்தின் பளிச்சென்ற மஞ்சள். குழல்விளக்கின் கீழ் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும்.

மூன்றாவது, ஓரம். தோலை வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, சாயம் பூசி, காயவிட்டு, மீண்டும் தேய்த்து, மீண்டும் பூசுவார்கள். பொறுமையாகச் செய்தால் விளிம்பு வழவழப்பாய் உருண்டு நிற்கும். அசல் ஸ்பீடியின் ஓரச் சாயம் அடர்ந்த செந்நிறம். இங்கோ ஒரே தடித்த பூச்சு, நல்ல சிவப்பு, தோலின் முகத்திலும் வழிந்திருந்தது. நகத்தால் மெல்லத் தொட்டதும் நகப்பூச்சைப் போல் உரிந்தது. உள்ளே வெளுத்த அட்டைக் கூழ் தெரிந்தது.

இவற்றுள் ஒன்று மட்டும் இருந்திருந்தால் தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டோம். வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அசல் பையின் ஓரமும் பிசுபிசுக்கும், வெடிக்கும். பழகப் பழகத் தோல் கருக்கும், நூலும் அழுக்கேறும். மூன்றும் ஒருசேரத் தவறியதால்தான் போலி என்றோம். இதன் மறுபக்கத்தையும் அவளிடம் சொன்னோம்: மூன்றும் சரியாக இருந்தாலும் அசல் என்று உறுதி கூற எங்களால் இயலாது. தேர்ந்த கைகள் செய்யும் போலிகள் இந்தச் சோதனைகளைத் தாண்டிவிடும். தையல் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். உண்மைக்குச் சாட்சி சொல்லாது.

அவள் கண் கலங்கினாள். விற்றவரின் எண் அதற்குள் அடங்கிப் போயிருந்தது. பிறகு தயங்கியபடி கேட்டாள்: “மஹல்லாவில் ஒருத்தி 20,000 தருகிறேன் என்கிறாள். அவளுக்குத் தெரியாதே அக்கா?”

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தி அவளும் அறிந்ததே. நாங்கள் அதை எடுத்துரைக்கவில்லை. உரிந்த ஓரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தோம். அவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பிள்ளையின் மதரஸா நூல்களை அந்தப் பையில்தான் எடுத்துச் செல்கிறாள். யாரேனும் விலை கேட்டால், “இது போலி” என்று சொல்லிவிட்டு, ஓரத்தை எப்படிப் பார்ப்பது என்றும் காட்டுகிறாளாம். அல்ஹம்துலில்லாஹ்.