ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது

கற்பிட்டிப் பக்கம் ஒரு முன்பள்ளிக்கு ஆசிரியை எடுக்க நேர்முகப் பரீட்சை நடந்தது. வர முடியாமல் போன குழு உறுப்பினர்களுக்காக, விண்ணப்பித்தவர்களின் சம்மதத்தோடு எடுத்த ஒலிப்பதிவுகளைச் சுருக்கி எழுதும் வேலை என்னிடம் வந்தது.

விளம்பரத்தில் கேட்டிருந்த தகைமைகள் மூன்று: பிள்ளைகளைக் கையாளல், பெற்றோருடன் பேசுதல், அனுபவம். அவற்றையே தலைப்பாக்கி, ஒவ்வொன்றின் கீழும் அவர் சொன்ன சொல்லையும் அது வரும் நிமிடத்தையும் எழுதினேன். ஒரு சகோதரியைப் பற்றி "பொறுமையானவர்" என்று எழுதினால் அது என் அபிப்பிராயம். "அழுற பிள்ளைய முதல்ல மடியில வெச்சுக்குவேன், பிறகுதான் காரணம் கேட்பேன் (12:40)" என்று எழுதினால் அது ஆதாரம். சந்தேகம் உள்ளவர் அந்த இடத்தைப் போட்டுக் கேட்கலாம்.

பெற்றோர் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வியே அவரிடம் கேட்கப்படவில்லை. "பதில் இல்லை" என்று எழுதினால் பூச்சியம்தான் விழும். ஆகவே "கேட்கப்படவில்லை" என்று எழுதினேன். மற்ற இருவரிடமும் கேட்டிருந்ததால், குழு அதே கேள்வியை அவரிடம் தொலைபேசியில் கேட்டது.

குரல் நடுங்கியது, யாருடைய மகள் என்பதெல்லாம் ஒலிப்பதிவில் இருந்தன. கேட்ட தகைமைகளில் அவை இல்லை, அதனால் எழுதவில்லை. புள்ளியும் நான் போடவில்லை. அது குழுவின் வேலை.